கோழி ஆறு வாரத்துல வளரும், கடன்?

டிஸ்கி: இது கோழிப்பண்ணை வெச்சா கோடீஸ்வரன் ஆகலாம்ங்கற பதிவு இல்லை. "வைக்கவே வைக்காதீங்க"ன்னு சொல்ற பதிவும் இல்லை. நடுவுல எங்கயோ நிக்குது. பொறுமை இருக்கறவங்க படிங்க.

போன மாசம் ஒரு நண்பர் போன் பண்ணி, "ஊர்ல சும்மா கெடக்கற அரை ஏக்கர்ல பிராய்லர் ஷெட் போடலாம்னு இருக்கேன். தீவனம் கடனுக்குத் தர்றதா ஒருத்தர் சொல்லியிருக்காரு. கோழி வித்ததும் கொடுத்தாப் போதுமாம். கைக்காசு பெருசா வேண்டாம்"னாரு. நான் அவருக்குச் சொன்ன பதில் போன்லயே முக்கால் மணி நேரம் போச்சு. அதையே இங்க எழுதி வெச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகும்னு தோணிச்சு.

எனக்கு இதுல என்ன தெரியும்னு கேட்டீங்கன்னா, என் தங்கச்சி வீட்டுக்காரர் பல்லடம் பக்கத்துல பண்ணை போட்டாரு. கோழியை அவரும் தங்கச்சியும் பார்த்துக்கிட்டாங்க. நோட்டு மட்டும் என்கிட்ட. அதாவது கோழி நாத்தம் படாம கணக்கு எழுதற உத்தியோகம் :-)

ஷெட்டுல இருந்து ஆரம்பிக்கறேன். ரெண்டாயிரம் கோழிக்கு ஷெட். கோழி ஒண்ணுக்கு ஒரு சதுர அடிங்கறது பொதுக்கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு 110-க்கு 20, ஆக 2,200 சதுர அடி. நீளவாட்டம் கிழக்கு மேற்கா இருக்கணும், அப்பத்தான் வெயில் நேரா உள்ள விழாது. பக்கச்சுவர் ஒண்ணரை அடி, அதுக்கு மேல கம்பி வலை. மேல சிமெண்ட் ஷீட். தண்ணித் தொட்டி, டிரிங்கர், ஃபீடர் எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சம் ஆச்சு. தங்கச்சி நகை பாதி, மாப்பிள்ளையோட சேமிப்பு பாதி.

இந்த அஞ்சு லட்சத்தைப் பெரும்பாலானவங்க "ஒரு தடவை செலவு"ன்னு ஒதுக்கி வெச்சிட்டு, பேட்ச் கணக்குல சேர்க்கறதே இல்லை. நாங்களும் சேர்க்கலை. ஷெட் பதினஞ்சு வருஷம் நிக்கும்னு வெச்சாலே வருஷத்துக்கு 33 ஆயிரம் தேய்மானம். போட்ட காசுக்குப் பத்து சதவீதம் வட்டின்னா இன்னொரு 50 ஆயிரம். ஆக 83 ஆயிரம். வருஷத்துக்கு எத்தனை பேட்ச்? "நாப்பது நாள்ல கோழி ரெடி, அப்ப ஒம்போது பேட்ச்"னு வகுத்துப் பார்த்து சந்தோஷப்படறவங்களை நானே பார்த்திருக்கேன். கோழி ஏத்தினதும் பழைய கூளத்தை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, மருந்து தெளிச்சு, குறைஞ்சது ரெண்டு வாரம் ஷெட் சும்மா காயணும். இல்லேன்னா போன பேட்ச் நோய் அடுத்த பேட்சுக்கு சீதனமா வரும். அதனால வருஷத்துக்கு ஆறு பேட்ச் கிடைச்சாலே பெரிய விஷயம். 83 ஆயிரத்தை ஆறால வகுத்தா பேட்சுக்கு சுமார் 14 ஆயிரம். உசிரோட நிக்கற கோழியில கிலோவுக்கு மூணரை ரூபாய். இதை முதல் நாளே நோட்டுல எழுதியிருந்தா எங்க சந்தோஷம் கொஞ்சம் அடக்க ஒடுக்கமா இருந்திருக்கும்.

முதல் பேட்ச் சித்திரைக் கடைசியில இறக்கினோம். கீழ தேங்காய் நார்த்தூள், அதுமேல பேப்பர், சுத்தி தகரத்துல வட்டமா தடுப்பு, நடுவுல பல்பு. குஞ்சுக்கு முதல் வாரம் 33, 34 டிகிரி சூடு வேணும். சூடு சரியா இருக்கான்னு தெர்மாமீட்டர் பார்க்கறதை விட குஞ்சைப் பார்த்தாலே தெரியும். பல்புக்குக் கீழ குமிஞ்சு கெடந்தா குளிருது, தகரத்து ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்தா சூடு ஜாஸ்தி, பரவலா மேஞ்சா சரி. ஆறாவது நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணுல சொட்டு மருந்து, பதினாலாவது நாள் கம்போரோவுக்கு. தங்கச்சி ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா. அவ சம்பளத்தை நாங்க நோட்டுல எழுதவே இல்லைங்கறதையும் இங்கயே சொல்லிடறேன்.

முப்பத்தெட்டாவது நாள் லிப்டிங். 1,900 கோழி, சராசரி 2.1 கிலோ, மொத்தம் 3,990 கிலோ. தீவனம் 136 மூட்டை, ஐம்பது கிலோ மூட்டை. அதாவது ஒரு கிலோ கோழிக்கு 1.7 கிலோ தீவனம். புது ஆளுக்கு நல்ல மார்க்குதான். குஞ்சு 38 ரூபாய் வீதம் 76,000. தீவனம் மூட்டை 2,130 வீதம் 2,89,680. மருந்து, நார்த்தூள், கரண்டு, கரி எல்லாம் சேர்த்து 19,000. ஆகக்கூடி 3,84,680. கத்திரி வெயில்ல நிறையப் பேர் பண்ணையில கோழி சுருண்டு விழுந்து வரத்து குறைஞ்சிருந்ததால கிலோ 112-க்கு எடுத்தாங்க. 4,46,880 வந்துச்சு. அறுபத்திரண்டாயிரம் லாபம்! நாப்பது நாள்ல! மாப்பிள்ளை அன்னிக்கே ரெண்டாவது ஷெட்டுக்கு இடம் அளக்க ஆரம்பிச்சுட்டாரு.

முதல் பேட்சை மட்டும் யாரும் நம்பாதீங்க. புது ஷெட்டுல நோய்க்கிருமி இன்னும் குடி வந்திருக்காது. நாம பயத்துல ராத்திரி பகலா பார்ப்போம். அதனால முதல் பேட்ச் பெரும்பாலும் நல்லாத்தான் வரும்.

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயமே. அந்த 2,130 ரூபாய் கடன் விலை. அதே மூட்டையைக் கையில காசு கொடுத்து எடுத்தா 2,050. "எம்பது ரூபாய்தானேங்க மச்சான், அவர் நாப்பது நாள் நமக்காகக் காத்திருக்காரில்ல"ன்னாரு மாப்பிள்ளை. எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. 2,050-க்கு 80-ன்னா நாலு சதவீதம் கூட இல்லை. நாப்பது நாளைக்கு நாலு சதவீதம், அதாவது மூணு வட்டி. ஊர்ல நடக்கற வட்டிதானே.

ஆனா அது தப்பு. ஏன் தப்புன்னு எனக்குப் புரியறதுக்கே மூணாவது பேட்ச் வரைக்கும் ஆச்சு.

நாப்பது நாள் கடன்ல நிக்கறது முதல் நாள் வந்த மூட்டை மட்டும்தான். முதல் வாரம் ரெண்டாயிரம் குஞ்சும் சேர்ந்து தின்னது ஏழே மூட்டை. ரெண்டாவது வாரம் 15. அப்புறம் 25, அப்புறம் 34, அஞ்சாவது வாரம் 41, கடைசி மூணு நாளுக்கு 14. கோழி தின்னறதுல பாதிக்கு மேல கடைசி ரெண்டு வாரத்துலதான் போகுது. அஞ்சாவது வாரம் இறங்கின 41 மூட்டைக்கு அவர் காத்திருந்தது பன்னெண்டு நாள். கடைசி 14 மூட்டைக்கு அஞ்சு நாள். ஒவ்வொரு வார மூட்டையையும் அது கடன்ல நின்ன நாளால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, 136-ஆல வகுத்துப் பாருங்க. சராசரியா ஒரு மூட்டை கடன்ல நின்னது பத்தொம்போது நாள் சொச்சம். நாப்பது இல்லை, பத்தொம்போது!

பத்தொம்போது நாளைக்கு நூத்துக்கு நாலு ரூபாய் கொஞ்சம் குறையன்னா, மாசத்துக்கு ஆறு. ஆறு வட்டி! பக்கத்து வீட்டுல ஒருத்தர் மூணு வட்டிக்கு மேல வாங்கினா "கந்துவட்டிக்காரன்"னு ஊரே பேசுது. இதை யாரும் வட்டின்னே சொல்றதில்லை, "கடன் ரேட்"னு சொல்றோம். பேட்சுக்கு 10,880 ரூபாய் அப்படிப் போச்சு. நகையை அடகு வெச்சு மாசம் ஒரு வட்டிக்கு 2,80,000-ஐ முதல் நாளே மொத்தமா எடுத்து, பாதிப்பணம் வீட்டுல சும்மா தூங்கினாக்கூட, நாப்பது நாளைக்கு 3,700-தான் ஆகியிருக்கும். மிச்சம் ஏழாயிரம். ஷெட் தேய்மானத்துல பாதி அதுலயே அடைஞ்சிருக்கும்.

தீவனக்காரரைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலை. அவரும் மில்லுல கடனுக்குத்தான் எடுக்கறாரு. பத்துப் பண்ணைக்குக் கொடுத்தா ரெண்டு பண்ணைக்காரன் ஷெட்டைப் பூட்டிட்டுப் போயிடறான். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் மீதி எட்டுப் பேர் தலையில எம்பது ரூபாயா வைக்கறாரு. அவர் கணக்கு அவருக்கு. நம்ம கணக்கை நாம போடணும்ங்கறதுதான் என் வாதம்.

வட்டியாவது கண்ணுக்குத் தெரியற காசு. கடனுக்கு இன்னொரு விலை இருக்கு. கோழியை எப்ப, யாருக்கு விக்கறதுங்கற முடிவு நம்ம கையை விட்டுப் போயிடும். தீவனம் கொடுத்தவரே வியாபாரியைக் கூட்டிட்டு வருவாரு. பணம் அவர் கைக்குப் போய், பாக்கி கழிஞ்சு, மிச்சம்தான் நமக்கு.

ரெண்டாவது பேட்ச் ஆடியில வித்துச்சு, கைக்கு நாலாயிரம் நின்னுச்சு. அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. மூணாவது பேட்ச்தான் கதை.

ஆடிக் கடைசியில குஞ்சு 30 ரூபாய்க்கு வந்துச்சு. முதல் பேட்சுக்கு 38 கொடுத்தவங்களுக்கு இது லாட்டரி மாதிரி. இறக்கிட்டோம். அப்ப யாரும் யோசிக்கலை, குஞ்சு ஏன் இவ்வளவு சல்லிசா வருதுன்னு. அன்னிக்கு இறக்கற குஞ்சு புரட்டாசி பொறந்தப்புறம்தான் கறிக்கு வரும். அந்த மாசம் நம்ம பக்கம் பாதி வீட்டுல கவிச்சி கிடையாது. அனுபவப்பட்ட பண்ணைக்காரங்க அந்த நாள்ல இறக்காம ஒதுங்கிக்குவாங்க. வாங்க ஆளில்லாம குஞ்சு விலை இறங்கும். அதாவது குஞ்சோட விலையே ஆறு வாரம் கழிச்சு என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்லுது. எங்களுக்குத்தான் காது கேக்கலை. (புது ஆளுங்க இறக்கறதே பெரும்பாலும் குஞ்சு சல்லிசா இருக்கும்போதுதான். அதுதான் கொடுமை.)

முப்பத்தெட்டாவது நாள் லிப்டிங் ஆகணும். பல்லடத்துல பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணை விலை அறிவிப்பாங்க. அது பேப்பர் ரேட். கோழி தேங்கற மாசத்துல வியாபாரி அதுல இருந்து நாலு, அஞ்சு, சில சமயம் பத்து கூட குறைச்சுத்தான் கேப்பாரு. "ரெண்டு நாள் பொறுங்க, வண்டி வரும்"னாங்க. ரெண்டு நாள் நாலாச்சு, நாலு ஆறாச்சு. மாப்பிள்ளை வேற வியாபாரிக்கிட்ட பேசினாரு. அவரும் வரத் தயார்தான். ஆனா தீவனக்காரர், "பாக்கியைக் கட்டிட்டு யாருக்கு வேணா ஏத்துங்க"ன்னுட்டாரு. மூணு லட்சத்துக்கு எங்க போறது?

ஒரு நாள் தாமதம்னா என்ன ஆகும்னு பாருங்க. அந்த வயசுல கோழி ஒண்ணு ஒரு நாளைக்கு 170, 180 கிராம் தின்னும். எல்லாம் சேர்ந்து ஆறரை மூட்டை, கிட்டத்தட்ட 14 ஆயிரம் ரூபாய். எடை ஏறுதேன்னு சொல்லலாம். ஏறும், கோழிக்கு 85 கிராம், மொத்தம் 160 கிலோ. கிலோ 76-ன்னா 12 ஆயிரம். தினமும் ரெண்டாயிரம் கையை விட்டுப் போகுது. அதோட பெரிய கோழி சாகும். குஞ்சு மூணாவது நாள் செத்தா போறது குஞ்சு விலை மட்டும். நாப்பதாவது நாள் செத்தா அது அதுவரைக்கும் தின்ன மூணரை கிலோ தீவனத்தையும் கூட்டிக்கிட்டுப் போகுது. நூத்தி எம்பது ரூபாய் தோராயமா. எங்களுக்கு அந்தக் கடைசி வாரத்துல மட்டும் அறுபது போச்சு. சாவு எத்தனைன்னு எழுதினா பத்தாது, எந்த வயசுல செத்துச்சுன்னும் நோட்டுல எழுதணும்னு அப்பத்தான் கத்துக்கிட்டேன்.

கடைசியில 1,840 கோழி, சராசரி 2.35 கிலோ, 4,324 கிலோ. கிலோ 76. வந்தது 3,28,624. தீவனம் 160 மூட்டை, 3,40,800. கோழி மொத்தத்தையும் கொடுத்தும் தீவனப் பாக்கியே 12,176 மிச்சம். குஞ்சுக்குக் கொடுத்த அறுபதாயிரமும் மத்த செலவு இருபதாயிரமும் அப்படியே போச்சு. மொத்தம் 92,176 நஷ்டம். முதல் ரெண்டு பேட்ச்ல வந்தது 66 ஆயிரம். ஷெட்டைக் கணக்குல சேர்க்காமலேயே அஞ்சு மாசத்துல 26 ஆயிரம் அடி. அன்னிக்கு ராத்திரி தங்கச்சி ஒண்ணுமே பேசலை, ஷெட்டைக் கழுவிக்கிட்டிருந்தா.

மறுநாளே தீவனக்காரர் போன். "பாக்கியைப் பத்திக் கவலைப்படாதீங்க, அடுத்த பேட்ச் இறக்குங்க, பார்த்துக்கலாம்." மனுஷன் அன்பாத்தான் சொன்னாரு. ஆனா அந்த அன்புக்குள்ளதான் எங்க ஊர்ல நாலஞ்சு பண்ணை இன்னும் மாட்டியிருக்கு. பாக்கிக்காக அடுத்த பேட்ச், அந்தப் பேட்ச் பாக்கிக்காக அதுக்கடுத்தது.

நாங்க இறக்கலை. மிச்ச நகையை பேங்க்குல வெச்சுப் பாக்கியை அடைச்சோம். அப்புறம் ஒரு வருஷம் கம்பெனிக் கோழி வளர்த்தாரு மாப்பிள்ளை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கும். ஷெட், கூளம், கரண்டு, உழைப்பு நம்மது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக்கூலி. கூலி கம்மிதான், அதுல பணக்காரன் ஆக முடியாது. ரெண்டு பேட்சுக்கு நடுவுல ஷெட் எத்தனை நாள் சும்மா கெடக்கும்ங்கறதும் அவங்க முடிவு. கூலி பத்தலைன்னு வளர்ப்பாளருங்க சொல்றதுல ஞாயம் இருக்கு. ஆனா விலை விழுந்தா அந்த அடி நம்ம மேல விழாது. தொழிலை அடுத்தவன் காசுல கத்துக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியலை. இதை "கூலிக்கு மாரடிக்கறது"ன்னு கிண்டல் பண்றவங்க, கடனுக்குத் தீவனம் எடுத்து ஆறு வட்டி கட்டறதுக்கு என்ன பேர்னு சொல்லணும்.

ரெண்டாயிரம் கோழிக்குக் கடன் வாங்கறதுக்குப் பதிலா ஆயிரம் கோழியைக் கைக்காசுல வளர்க்கலாம்னுதான் நண்பர்கிட்டச் சொன்னேன். ஆயிரத்துக்குக் குஞ்சு, தீவனம் எல்லாம் சேர்த்து ஒண்ணே முக்கால்ல இருந்து ரெண்டு லட்சம் கையில இருக்கணும். அதுவும் இல்லேன்னா ஐநூறு. "ஐநூறுக்கு ஷெட் போட்டா கட்டுப்படியாகாதே"ன்னாரு. உண்மைதான், ஆகாது. அப்படின்னா அது உங்களுக்கு இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம், கடன் வாங்கணும்னு அர்த்தமில்லை. பாதிப் பேருக்கு இது பிடிக்காது, பின்னூட்டத்துல கும்முங்க.

இப்ப மாப்பிள்ளை அந்த ஷெட்டை நடுவுல வலை போட்டுப் பிரிச்சு, பாதியில மட்டும் சொந்தக் கோழி, ஆயிரம். தீவனம் வாரத்துக்கு வாரம் ரொக்கம். வியாபாரி மூணு பேரைக் கூப்பிட்டு விலை கேக்கறாரு, முப்பத்தாறாவது நாளே ஏத்தற தைரியமும் வந்திருக்கு. வருஷத்துக்கு நாலு பேட்ச்தான். எருவும் காலிச்சாக்கும் வித்த காசு தங்கச்சிக்கு. நகையில ஒரு ஜோடி வளையல் மட்டும் இன்னும் பேங்க்குல இருக்கு.

ஐப்பசியில ஒரு நாள் போன் பண்ணாரு.

"மச்சான், குஞ்சு 26-க்குத் தர்றாங்களாங்க. இறக்கிடலாமா?"

"எப்ப ஏத்துவீங்க மாப்ள?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. விரல் விட்டு எண்ணறாருன்னு தெரிஞ்சுது.

"மார்கழி பொறந்துடுங்க. எல்லாரும் மாலை போட்டிருப்பாங்க."

"ம்."

"சரி விடுங்க. ஷெட்டு காயட்டும்."